ஹோட்டல் ரூம் கதவில் ஒட்டியிருக்கும் ஃபயர் எக்ஸிட் பிளானைத் தமிழில் எப்படி எழுதி அனுப்புவது?

*"அப்பாவும் அம்மாவும் வெளிநாட்டில் ஒரு ஹோட்டலில் நான்கு நாள் தங்குகிறார்கள். இரண்டு பேருக்கும் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். ரூம் கதவின் உள்பக்கம் இருந்த ஃபயர் எக்ஸிட் பிளானை போட்டோ எடுத்து அனுப்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். இங்கிலீஷில் இருக்கிறது. வரிக்கு வரி தமிழாக்கி அனுப்பினால் போதுமா? அவசரத்தில் சரியாக நடந்துகொள்ளும்படி எப்படி எழுதுவது?"*

போதாது. அந்தத் தாளில் பாதி எழுத்து, பாதி படம். எழுத்தை மட்டும் தமிழாக்கினால் "அருகிலுள்ள அவசர வழியாக வெளியேறவும்" என்ற ஒரு வரிதான் அவர்கள் கையில் இருக்கும். அந்த வழி ரூமை விட்டு வந்ததும் இடது பக்கமா வலது பக்கமா, எத்தனை கதவு தள்ளி என்பதெல்லாம் படத்திலேயே தங்கிவிடும். பிளான் படம் பார்த்துப் பழக்கமில்லாத ஒருவருக்கு அதுவும் இங்கிலீஷ் மாதிரிதான். அதனால் முதல் வேலை படத்தை வாக்கியமாக மாற்றுவது. எழுத்தை மாற்றுவது அதற்கு அப்புறம்.

கட்டடங்களின் தீ பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழாக்குவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் என் சித்தப்பாவும் சித்தியும் இதே மாதிரி ஒரு படம் அனுப்பினார்கள். அதை வைத்தே சொல்கிறேன்.

அவர்கள் அனுப்பிய முதல் போட்டோ பயன்படவில்லை. பிளான் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது, ஃபிளாஷ் வெளிச்சம் சரியாக நடுவில் விழுந்து "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்ற புள்ளியை மறைத்துவிட்டது. கீழே இருந்த குறியீட்டு விளக்கமும் படத்தில் வரவில்லை. ஃபிளாஷை அணைத்துவிட்டு, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று மூன்று படம் எடுக்கச் சொன்னேன். சட்டத்தின் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி முழுப் படம் ஒன்று, புள்ளியைச் சுற்றிக் கிட்டத்தில் ஒன்று, எழுத்தும் குறியீட்டு விளக்கமும் மட்டும் ஒன்று. கூடவே கதவின் வெளிப்பக்கம் இருக்கும் ரூம் நம்பரையும் ஒரு படம் கேட்டேன். பிளானில் உள்ள நம்பரும் கதவில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுவது நல்லது. பெயின்ட் அடிக்கும்போது சட்டங்களைக் கழற்றி மாற்றி மாட்டிவிடுவது நடக்கிற காரியம்தான்.

நம்பர் சரியாக இருந்தது, 412. இனிதான் முக்கியமான இடம்.

நல்ல பிளான் என்றால், அதன் முன் நிற்பவருக்கு நேர் எதிரே இருப்பது படத்தின் மேல்பக்கம் வரும்படி வரைந்திருப்பார்கள். வெளியேறும் வழிப் படங்களுக்கான ஐஎஸ்ஓ 23601 என்ற உலகத் தரமும் அதைத்தான் சொல்கிறது. கதவின் உள்பக்கம் மாட்டிய பிளானில், நிற்பவருக்கு எதிரே இருப்பது வராண்டா. அப்படியானால் வராண்டா படத்தில் மேலே இருக்க வேண்டும். அப்போது படத்தின் இடதுதான் வெளியே வந்தவரின் இடதும். ஆனால் எல்லாப் பிளானும் அப்படி இருப்பதில்லை. ஒரே படத்தை எல்லா ரூமுக்கும் அச்சடித்து, புள்ளியை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள். அப்போது வராண்டாவின் ஒரு பக்கத்து ரூம்களுக்குப் படம் சரியாக இருக்கும், எதிர்ப்பக்கத்து ரூம்களுக்குத் தலைகீழாக இருக்கும்.

சித்தப்பாவின் படம் அந்தத் தலைகீழ் வகை. 412 மேலே இருந்தது, வராண்டா அதற்குக் கீழே. புள்ளியிலிருந்து கிளம்பிய பச்சை அம்பு படத்தின் வலது பக்கம் போய்ப் படிக்கட்டில் முடிந்தது. அதை அப்படியே பார்த்து "வலது பக்கம் திரும்புங்கள்" என்று எழுதியிருந்தால், அவர்கள் படிக்கட்டுக்கு எதிர்த்திசையில் போயிருப்பார்கள். போட்டோவை போனில் தலைகீழாகத் திருப்பி, வராண்டாவை மேலே கொண்டுவந்து பார்த்தேன். அம்பு இடது பக்கம் போனது.

படத்தைத் திருப்பியதோடு நான் நம்பிவிடவில்லை. சித்தப்பாவை போனில் கூப்பிட்டு, "ரூமுக்குள் இருந்தபடி கதவைப் பார்த்து நில்லுங்கள், பாத்ரூம் எந்தக் கைப்பக்கம் இருக்கிறது?" என்று கேட்டேன். திருப்பிய படத்தில் பாத்ரூம் வலது கைப்பக்கம் வர வேண்டும். "வலது கைப்பக்கம்தான்" என்றார். அப்புறம்தான் இடது என்று எழுதினேன். அவர் இடது என்று சொல்லியிருந்தால், அந்தப் படம் அந்த ரூமுக்கானது இல்லை என்று அர்த்தம். ஹோட்டல்களில் பக்கத்துப் பக்கத்து ரூம்களைக் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றிக் கட்டுவார்கள். ஒன்றின் படம் இன்னொன்றில் மாட்டப்பட்டிருந்தால் பாத்ரூம் கேள்வியில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் எதையும் ஊகித்து எழுத வேண்டாம். அவர்களையே வராண்டாவில் நடந்து படிக்கட்டைப் பார்த்துவரச் சொல்லி, அவர்கள் சொல்வதை வைத்து எழுதுங்கள்.

திசை சரியான பிறகு தூரம். இதை மீட்டரில் எழுதிப் பயனில்லை, கதவுக் கணக்கில் எழுதுங்கள். காரணம் புகை. ஹோட்டல் தீ விபத்து என்றாலே நெருப்பு துரத்துவது போலத்தான் மனசில் வரும். 1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் நடந்தது வேறு. தரைத்தளத்தில் ஒரு உணவகத்தில் தீப்பிடித்தது. இறந்த 85 பேரில் பெரும்பாலோர் நெருப்பு எட்டிக்கூடப் பார்க்காத மேல் மாடிகளில் இருந்தவர்கள். லிப்ட் குழிகள் வழியாகவும் படிக்கட்டுகள் வழியாகவும் மேலே ஏறிய புகைதான் அவர்களைக் கொன்றது. வராண்டாவில் புகை நிறைந்தால் லைட் எரிந்தாலும் தெரியாது, பச்சைப் பலகையும் தெரியாது. அப்போது கையில் மிஞ்சுவது சுவரும் கதவுகளின் எண்ணிக்கையும்தான்.

படத்தில் எண்ணிப் பார்த்தேன். 412இலிருந்து இடது பக்கம், ரூம் இருக்கும் அதே சுவரில் மூன்று கதவுகள், நான்காவது படிக்கட்டு. சித்தப்பாவிடம் ஒருமுறை நடந்து எண்ணிவரச் சொன்னேன். "நாலு இல்லப்பா, அஞ்சு" என்றார். துணிமணி வைக்கும் அறையின் கதவு ஒன்று பிளானில் வரையப்படவே இல்லை. நான்கு என்று எழுதி அனுப்பியிருந்தால், புகையில் அந்த அறையின் கதவைப் படிக்கட்டு என்று நினைத்து இழுத்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஆகவே படத்தில் எண்ணியதை உறுதியான எண்ணிக்கையாக எழுதாதீர்கள். அவர்களையே நடந்து எண்ணச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. எந்தக் கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளியே வந்து இடது பக்கம் திரும்பினால் சொந்த ரூமின் சுவர் இடது கைக்கு வரும். வலது பக்கம் திரும்பினால் வலது கைக்கு வரும்.

இரண்டாவது வழியையும் இதே மாதிரி எழுத வேண்டும். பிளானில் பெரும்பாலும் ஒரு அம்பு தடிமனாக இருக்கும், இன்னொன்று மெல்லியதாகவோ கோடுகோடாகவோ இருக்கும். மெல்லியதை விட்டுவிடத்தான் தோன்றும். ஆனால் முதல் வழியில் புகை வந்தால் அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான். 412க்கு அது வலது பக்கம், எட்டுக் கதவு தாண்டி, வராண்டா வலது பக்கம் மடங்கி, அதன் கடைசியில்.

மாடி எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. சில நாடுகளில் தெருவோடு சமமாக இருக்கும் தளத்தையே ஒன்று என்று எண்ணுவார்கள், சில நாடுகளில் அது தரைத்தளம், அதற்கு மேலேதான் ஒன்று. அதனால் "நான்கு மாடி இறங்குங்கள்" என்று எழுதுவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அதோடு படிக்கட்டு தரைத்தளத்தோடு நிற்காமல் கீழ்த்தளக் கார் நிறுத்தும் இடம் வரைக்கும் போகலாம். புகையிலும் பதற்றத்திலும் வெளிக்கதவைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுவார்கள். ஆகவே எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் கண்ணால் அடையாளம் காணக்கூடிய ஒன்றாகச் சொல்லுங்கள். அந்த ஹோட்டலில் வெளியே போகும் தளத்தின் படிக்கட்டுச் சுவரில் பெரிதாக ஜி என்ற எழுத்து இருந்தது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவருக்கும் ஒரு எழுத்தின் உருவம் நினைவில் நிற்கும். அந்த எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதி போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இனி எழுத்துப் பகுதி. இதில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ஆபத்தாக முடியும் இடங்கள் சில உண்டு.

முதலாவது "பிரேக் கிளாஸ்". தீயைப் பார்த்தால் அலாரத்தை எழுப்பு, கண்ணாடியை உடை என்று அந்த அறிவிப்பில் இருந்தது. அது சுவரில் இருக்கும் சின்னச் சிவப்புப் பெட்டியின் முகப்புக் கண்ணாடி. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் உடைவதுகூட இல்லை, அழுத்தினால் உள்ளே போகும். "கண்ணாடியை உடைக்கவும்" என்று மட்டும் எழுதினால், ரூமில் இருக்கும் ஒருவருக்குக் கண்ணில் படும் கண்ணாடி ஜன்னல் கண்ணாடிதான். அதை உடைத்தால் கீழ் மாடியிலிருந்து வரும் புகை உள்ளே வரும், அப்புறம் அதை மூடவும் முடியாது. "வராண்டாச் சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியை நடுவில் அழுத்துங்கள், மணி அடிக்கும்" என்று எழுதுங்கள்.

அடுத்து "ஷட் த டோர்". தமிழில் மூடு, சாத்து, அடை, பூட்டு எல்லாம் ஊருக்கு ஊர் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன. வெளியூர் போகிறவர்களிடம் கதவை அடைத்துவிட்டு வா என்றால் பூட்டிவிட்டு வா என்றே எடுத்துக்கொள்வார்கள், இழுத்துப் பார்த்துச் சரிபார்க்கவும் நிற்பார்கள். அறிவிப்பு கேட்பது கதவு திறந்து கிடக்கக் கூடாது என்பது மட்டும்தான். சாத்திய கதவு புகையையும் நெருப்பையும் கணிசமான நேரம் தடுத்து நிறுத்தும். நான் எப்போதும் "சாத்துங்கள்" என்றே எழுதுவேன், பக்கத்திலேயே "பூட்ட நிற்க வேண்டாம்" என்றும் சேர்ப்பேன். சாவி கார்டைக் கையில் எடுப்பதையும் விடாதீர்கள். ஹோட்டல் கதவு சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். வராண்டாவில் இரண்டு பக்கமும் புகை இருந்தால் பாதுகாப்பான இடம் அந்த ரூம்தான். கார்டு உள்ளே இருந்தால் அதற்குள் திரும்ப முடியாது. பொருட்களை எடுக்க வேண்டாம் என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கும். அதை அப்படியே தமிழாக்கினால் கார்டையும் விட்டுவிட்டு ஓடுவார்கள். "கார்டு மட்டும் எடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்" என்பதுதான் சரியான வாக்கியம்.

மூன்றாவது, தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கும் ஒரு விஷயம். நம் மொழியில் இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் கடைசியில்தான் வரும். "தீ விபத்து ஏற்பட்டால் வெளியேறுவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது" என்ற வாக்கியத்தைப் பதற்றத்தில் வாசிப்பவர் பாதியில் கண்ணை எடுத்தால், அவர் மனசில் நிற்பது வெளியேற மின்தூக்கி என்பதுதான். சின்ன போன் திரையில் வரி மடங்கினால் "கூடாது" அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் தடையைத் தனி வரியாக, இரண்டே சொல்லில் எழுதுங்கள்: லிப்ட் வேண்டாம். இதே காரணத்துக்காக இரட்டை எதிர்மறையும் ஆகாது. "அனுமதி இல்லாவிட்டால் உள்ளே திரும்ப வேண்டாம்" என்பதை "உள்ளே போகலாம் என்று ஊழியர் சொன்ன பிறகுதான் உள்ளே போங்கள்" என்று நேராக எழுதலாம்.

நிபந்தனை விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். இங்கிலீஷில் "கதவைத் திறக்காதே" முதலில் வந்து "சூடாக இருந்தால்" பின்னால் வரும். தமிழில் நிபந்தனை இயல்பாகவே முன்னால் வரும். அதை அப்படியே விடுங்கள், இங்கிலீஷ் வரிசைக்கு வளைக்காதீர்கள். "கதவு சூடாக இருந்தால், திறக்க வேண்டாம்." நடப்பதும் அந்த வரிசையில்தான், முதலில் தொட்டுப் பார்க்கிறார்கள், அப்புறம் முடிவெடுக்கிறார்கள்.

பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை, ஃபயர் எக்ஸிட் என்பதைத் "தீ வெளியேறும் வழி" என்று எழுதினால் தீதான் வெளியேறும். அவசர வழி என்றாலே போதும். அசெம்பிளி பாயிண்ட் என்பதற்கு "கூடுமிடம்" சரியான சொல்தான், ஆனால் உங்கள் பெற்றோருக்கு அந்தச் சொல்லைவிட அந்த இடம் முக்கியம். "ஹோட்டலுக்குப் பின்னால் உள்ள கார் பார்க்கில் போய் நில்லுங்கள், அங்கே பச்சைப் பலகையில் நான்கு அம்பு நடுவில் நிற்கும் ஆட்களை நோக்கி இருக்கும்" என்று எழுதுங்கள். தீயணைப்புக் கருவி, தண்ணீர்க் குழாய்ச் சுருள் போன்ற சிவப்புக் குறிகள் படம் முழுக்க இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக விளக்கத் தேவையில்லை. "பச்சை என்றால் வழி, சிவப்புச் சதுரம் என்றால் தீயணைக்கும் சாமான், சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் செய்யக் கூடாதது" என்று ஒரே வரி போதும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஹோட்டலில் எக்ஸிட் பலகை பச்சையா சிவப்பா என்று. அமெரிக்காவில் பல கட்டடங்களில் சிவப்பு எழுத்தில் எக்ஸிட் என்று மட்டும் எரியும், ஓடும் ஆள் படம் இருக்காது. அங்கே "பச்சையைத் தேடுங்கள்" என்று எழுதினால் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

எதை விட்டால் பரவாயில்லை, எதை விடக் கூடாது என்பதையும் யோசியுங்கள். சித்தப்பாவின் அறிவிப்பில் "முடிந்தால் கருவிகளைக் கொண்டு தீயை அணைக்கவும்" என்று ஒரு வரி இருந்தது. அதை நீக்கவில்லை, ஆனால் அவசரச் செய்தியில் வைக்கவும் இல்லை. தனியாக ஒரு குரல் பதிவில், "அது கருவியைப் பிடித்துப் பழகினவங்களுக்கு, நீங்க கிளம்பிடுங்க" என்று சொன்னேன். ஆனால் கட்டடத்துக்கே உரிய ஏற்பாட்டில் கை வைக்கக் கூடாது. சில உயரமான கட்டடங்களில் அறிவிப்பு வரும்வரை ரூமிலேயே இருக்கச் சொல்வார்கள். அப்படி எழுதியிருந்தால் அதைத்தான் எழுத வேண்டும், நமக்குத் தெரிந்த பொது விதியை அதன் இடத்தில் வைக்கக் கூடாது. அலுவலகங்களில் இரண்டு விதமான மணி இருக்கலாம். விட்டு விட்டு அடித்தால் தயாராக இரு, தொடர்ந்து அடித்தால் கிளம்பு என்பது போல. அங்கே போகும் ஒருவருக்கு எழுதும்போது, அந்த இரண்டையும் "டிங்... டிங்... டிங்" என்றும் "டிங்ங்ங்ங்" என்றும் ஒலியாகவே எழுதிவிடுவேன். எது எதற்கு என்பதை அந்தக் கட்டடத்தின் அறிவிப்பில் உள்ளபடியே எழுத வேண்டும்.

கடைசியாக நான் அனுப்பிய செய்தி இது. உங்கள் பெற்றோரின் கட்டடத்துக்குத் தகுந்தபடி திசையையும் எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"சித்தப்பா, இது ரூம் 412க்கு மட்டும்.

படுக்கும்போது ரூம் கார்டும் செருப்பும் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.

அலாரம் அடித்தால், கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்க.

கதவு சூடாக இல்லை என்றால், மெதுவாகத் திறந்து பாருங்க. புகை இல்லை என்றால் கார்டு மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வாங்க. கதவைச் சாத்துங்க, பூட்ட நிற்க வேண்டாம்.

இடது பக்கம் திரும்புங்க. இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போங்க. ஐந்தாவது கதவு படிக்கட்டு. தள்ளினால் திறக்கும். உள்ளே புகை இருக்கிறதா என்று பார்த்த பிறகே காலை வைங்க.

லிப்ட் வேண்டாம்.

நான் அனுப்பிய படத்தில் இருக்கும் எழுத்து சுவரில் வரும் வரை இறங்குங்க. அங்கே வெளியே போகும் கதவு. அதற்குக் கீழே போக வேண்டாம். பின்னால் கார் பார்க்கில் போய் நில்லுங்க. உள்ளே போகலாம் என்று ஹோட்டல்காரர் சொன்ன பிறகுதான் உள்ளே போங்க.

இடது பக்கம் புகை இருந்தால், வலது பக்கம் போங்க. வலது கை சுவரில். எட்டுக் கதவு தாண்டினால் மூலை, வலது பக்கம் மடங்குங்க. கடைசியில் இருக்கும் கதவு படிக்கட்டு.

கதவு சூடாக இருந்தால், திறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் புகை இருந்தால், ரூமுக்குள் திரும்பிக் கதவைச் சாத்துங்க. துண்டை நனைத்துக் கதவுக்கு அடியில் இடைவெளி இல்லாமல் அடைங்க. ரூம் போனில் 0 அழுத்தி 'ஃபோர் ஒன் டூ, ஸ்மோக்' என்று சொல்லிக்கொண்டே இருங்க. ஜன்னல் பக்கம் நின்று வெள்ளைத் துணியை ஆட்டுங்க."

அந்த "ஃபோர் ஒன் டூ, ஸ்மோக்" வரிக்கு ஒரு விளக்கம். அறிவிப்பில் "ரிசப்ஷனுக்கு போன் செய்து தெரிவிக்கவும்" என்று இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர் எந்த மொழியில் தெரிவிப்பார்? ரூம் எண்ணையும் புகை என்ற ஒரு சொல்லையும் ரிசப்ஷனில் புரிகிற மொழியில், தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அந்த அறிவுரை நடக்கக்கூடியதாகிறது. சித்தி அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். போனில் எந்த எண் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும், பிளானிலோ போன் மேலேயோ எழுதியிருக்கும்.

"ரூமுக்குள் திரும்புங்க" என்பதைப் பலர் தயங்கி எழுதாமல் விடுகிறார்கள், புகை வரும்போது ரூமில் உட்காரச் சொல்வது தவறாகத் தோன்றுகிறது. எம்ஜிஎம் கிராண்டில் படிக்கட்டுக்குள் போனவர்களில் சிலர், பின்னால் கதவு பூட்டிக்கொண்டதால் எந்த மாடிக்கும் திரும்ப முடியாமல் புகைக்குள் மாட்டிக்கொண்டார்கள். புகை நிறைந்த படிக்கட்டைவிட, கதவு சாத்தி இடுக்கு அடைத்த ரூம் அதிக நேரம் தாங்கும். சித்தப்பா நடந்து பார்க்கப் போனபோது, படிக்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தும் முன் சித்தியை வெளியே நிறுத்தி, உள்ளிருந்து திறக்க வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அங்கே திறக்கவில்லை. ஆகவே படிக்கட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளே புகை இருக்கிறதா என்று பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும் என்று செய்தியில் ஒரு வரி சேர்த்தேன்.

பெற்றோரில் ஒருவருக்குப் படி இறங்குவது கஷ்டம் என்றால், பிளானில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில், புகை வராதபடி கட்டப்பட்ட காத்திருக்கும் இடம் அது. ஆனால் யாராவது வந்து கூட்டிப்போனால்தான் அது உதவும். அதனால் தங்க வந்த அன்றே, இந்த ரூமில் படி இறங்க முடியாதவர் இருக்கிறார் என்று ரிசப்ஷனில் சொல்லி வைக்க வேண்டும். அதை நீங்களே அவர்களுக்காக போன் செய்து சொல்லிவிடலாம்.

அனுப்பிய பிறகு ஒரு வேலை பாக்கி. போன் செய்து, "அலாரம் அடிக்கிறது, என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். தாளைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார், கார்டை மட்டும் விட்டுவிட்டார். அந்த வரியை முதலில் கொண்டுபோய் வைத்துத் திரும்ப அனுப்பினேன், போட்டோவாக. நெட் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும் என்பதற்காக. மூன்றாம் நாள் ஏசி ஓடவில்லை என்று அவர்களை 507க்கு மாற்றினார்கள். பழைய செய்தியை அழித்துவிடச் சொல்லி, புது ரூமின் கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அங்கே படிக்கட்டு வலது பக்கம் இருந்தது.